வாள், ஈட்டி, கோடரி: ஆயுத முக்கோணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த பதிவு

கட்டங்களில் முறை வைத்துப் படை நகர்த்தும் சிறு விளையாட்டு ஒன்றைப் பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைபடம், நகர்வு எல்லாம் ஓரளவு ஓடத் தொடங்கியதும் சண்டைக் கணக்கில் வந்து நின்றேன். ஃபயர் எம்பிளம் வரிசையை விளையாடியவர்களுக்கு விதி தெரியும்: வாளுக்குக் கோடரி அடங்கும், கோடரிக்கு ஈட்டி அடங்கும், ஈட்டிக்கு வாள் அடங்கும். விதியை எழுதுவது இரண்டு வரி வேலை. ஆனால் எவ்வளவு அடங்க வேண்டும் என்று கேட்டால்தான் வேலை ஆரம்பிக்கிறது. கல், தாள், கத்தரி விளையாட்டில் தாள் கல்லை மூடினால் கதை முடிந்தது. இங்கே கோடரிக்காரன் வாள்வீரனை எப்போதாவது வெட்டிச் சாய்க்கவும் வேண்டும். இல்லையென்றால் யாரும் கணக்குப் பார்த்து அடி எடுத்து வைக்க மாட்டார்கள்.

இந்த முக்கோணம் வரிசைக்குள் வந்தது 1996-இல், சூப்பர் ஃபாமிகாமில் வெளியான நான்காவது விளையாட்டில். அதில் சாதகமான ஆயுதத்துக்கு அடி விழும் வாய்ப்பில் 20 கூடும், பாதகமானதற்கு 20 குறையும். சேதத்தில் மாற்றம் இல்லை. 1999-இல் வந்த அடுத்த விளையாட்டில் அது வெறும் 5 ஆனது. கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த முதல் விளையாட்டில், 2002-இல், வாய்ப்பில் 10, சேதத்தில் 1. அடுத்த ஆண்டே வாய்ப்பு 15 ஆக உயர்ந்தது, சேதம் 1 ஆகவே நின்றது; 2004-இல் வந்த 'தி சேக்ரட் ஸ்டோன்ஸ்' விளையாட்டிலும் அதே எண்கள். ஒரே நிறுவனம் எட்டு ஆண்டுகளில் 20, 5, 10, 15 என்று அலைந்திருக்கிறது என்றால், எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டுவிட முடியாது என்று பொருள். ஆகவே கேம்பாய் அட்வான்ஸ் காலத்துச் சூத்திரங்களையே அப்படியே எடுத்துவைத்து, எண்களைத் திருகிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஆயுதங்கள். அந்தக் காலத்து இரும்பு ஆயுதங்களின் எண்கள் இவை. வரிசை: வலு, குறி, எடை.

```python
SWORD, LANCE, AXE = 0, 1, 2
W = {SWORD: (5, 90, 5),
     LANCE: (7, 80, 8),
     AXE:   (8, 75, 10)}

def tri(a, b):
    return (0, 1, -1)[(a - b) % 3]
```

வாள், ஈட்டி, கோடரி என்று 0, 1, 2 கொடுத்துவிட்டால் முக்கோணத்துக்குத் தனி அட்டவணை தேவையில்லை. கழித்து மூன்றால் வகுத்த மீதி 1 என்றால் சாதகம், 2 என்றால் பாதகம். `tri(a, b)` தரும் எண்ணின் குறியை மாற்றினால் `tri(b, a)` வர வேண்டும். ஒன்பது சோடிகளுக்கும் அது சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை சோதித்துவிட்டால் இந்தப் பகுதியை மறந்துவிடலாம்.

இனி சண்டை. அடி விழும் வாய்ப்பு என்பது ஆயுதத்தின் குறி, வீரனின் திறனின் இரு மடங்கு, அதிர்ஷ்டத்தின் பாதி, முக்கோணம் ஆகியவற்றின் கூட்டு. அதிலிருந்து எதிரியின் விலகலைக் கழிக்க வேண்டும். விலகல் என்பது வேகத்தின் இரு மடங்கோடு அதிர்ஷ்டம். சேதம் என்பது பலமும் ஆயுத வலுவும் முக்கோணமும் சேர்ந்ததில் எதிரியின் தற்காப்பைக் கழித்தது. ஆயுதம் மட்டுமே வேறுபட வேண்டும் என்பதால் இரட்டைப் பிறவிகளைப் போல இரண்டு வீரர்களை எடுத்துக்கொண்டேன்: உயிர் 20, பலம் 6, திறன் 5, வேகம் 10, அதிர்ஷ்டம் 0, தற்காப்பு 5, உடற்கட்டு 10.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2002-இன் விளையாட்டிலிருந்து திரையில் காட்டும் சதவீதம் உண்மையான சதவீதம் அல்ல. 0 முதல் 99 வரை இரண்டு எண்களைக் குலுக்கி எடுத்து, அவற்றின் சராசரி காட்டிய எண்ணைவிடக் குறைவாக இருந்தால்தான் அடி விழும். இரண்டு எண்களின் சராசரி நடுவில் குவியும் என்பதால் 50-க்கு மேலானவை இன்னும் உயர்கின்றன, கீழானவை இன்னும் தாழ்கின்றன. சூத்திரம் தேடி மண்டையை உடைப்பதைவிட எல்லாச் சோடிகளையும் எண்ணிவிடுவது எளிது.

```python
def true_hit(h):
    return sum((a + b) // 2 < h
               for a in range(100)
               for b in range(100)) / 100
```

இதை ஓட்டினால் 50 என்று காட்டுவது 50.5; 65 என்பது 75.85, 80 என்பது 92.2, 85 என்பது 95.65. முக்கோணம் தரும் 15 எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. 50-ஐ 65 ஆக்கும் 15 உண்மையில் 25-க்கும் மேல். 85-ஐ 100 ஆக்கும் 15 உண்மையில் 4.35 மட்டும்.

இப்போது முக்கோணத்தை அணைத்துவிட்டு வாளையும் கோடரியையும் மோத விட்டேன். வாளுக்குக் காட்டும் வாய்ப்பு 80, உண்மையில் 92.2, சேதம் 6. கோடரிக்குக் காட்டுவது 65, உண்மையில் 75.85, சேதம் 9. வாய்ப்பையும் சேதத்தையும் பெருக்கினால் வீச்சு ஒன்றுக்கு வாள் சராசரியாக 5.53 சேதம் தருகிறது, கோடரி 6.83 தருகிறது. அதாவது முக்கோணம் இல்லாவிட்டால் கோடரிதான் வாளை வெல்கிறது! ஈட்டியும் 6.58 எடுத்து வாளைத் தாண்டிவிடுகிறது. எல்லா எண்களையும் தனியாக எடுத்துப் பார்த்தால் மூன்றில் ஏழை வாள்தான்.

முக்கோணத்தை 15, 1 என்ற எண்களோடு இயக்கினேன். வாளின் வாய்ப்பு 95 (உண்மையில் 99.55), சேதம் 7, கோடரியின் வாய்ப்பு 50 (உண்மையில் 50.5), சேதம் 8. சராசரி 6.97-க்கு 4.04. தலைகீழாகிவிட்டது. கவனித்தால், சாதகம் வாளிடம் இருக்கும்போதும் ஒரு வெட்டுக்கு அதிகம் கொடுப்பது கோடரியே, 7-க்கு 8. வாள் ஜெயிப்பது முழுக்கக் குறியால்.

அடுத்த இரண்டு விளிம்புகளில் கதை வேறு. கோடரி ஈட்டியை எதிர்க்கும்போது இரண்டும் முதலில் ஏறக்குறையச் சமம், 6.83-க்கு 6.58. முக்கோணம் வந்ததும் கோடரி 9.22, ஈட்டி 4.20. ஈட்டி வாளை எதிர்க்கும்போது ஈட்டி 8.61, வாள் 3.79. விகிதமாகச் சொன்னால் ஈட்டி வாளை 2.27 மடங்கு மிஞ்சுகிறது, கோடரி ஈட்டியை 2.20 மடங்கு மிஞ்சுகிறது, வாள் கோடரியை 1.72 மடங்குதான் மிஞ்சுகிறது. விதிப் புத்தகத்தில் மூன்று பக்கமும் சமமாக வரைந்த முக்கோணம், சமமில்லாத ஆயுதங்களின் மேல் வைத்ததும் கோணலாகிவிடுகிறது. மூன்று பக்கத்துக்கும் ஒரே 15-ஐப் போட்டுவிட்டுச் சமநிலை வந்துவிட்டது என்று நம்புகிற விளையாட்டுகளில் வாள்வீரர்கள் ஏன் சோனியாக இருக்கிறார்கள் என்பதற்கு இது பாதி விடை.

சராசரியை மட்டும் நம்பக் கூடாது என்பதால் அதே வாள், கோடரி சண்டையை ஒருவர் சாகும் வரை மாறி மாறி வெட்டவிட்டு, யார் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டேன். முக்கோணம் இல்லாதபோது 20 உயிரை முடிக்க வாளுக்கு நான்கு வெட்டுகள் பட வேண்டும், கோடரிக்கு மூன்று போதும். வாள் முதலில் வீசினால் அது பிழைக்கும் வாய்ப்பு சுமார் 47 சதவீதம். கோடரி முதலில் வீசினால் வெறும் 20. முக்கோணத்தோடு வாளுக்கும் மூன்று வெட்டு போதும். வாள் முதலில் வீசினால் 99-க்கு மேல். கோடரியே முதலில் வீசினாலும் வாளுக்கு 87 சதவீதம். சராசரியில் 1.72 மடங்கு என்று அடக்கமாகத் தெரிந்தது உயிர் போகும் கணக்கில் இப்படி நிற்கிறது.

இந்தத் தாவலில் பெரும் பங்கு அந்த ஒற்றைச் சேதப் புள்ளிக்கு உண்டு. 6 ஆக இருந்த சேதம் 7 ஆனதும் நான்கு வெட்டு மூன்றாகிறது. கோடரி ஈட்டியை வெட்டும்போது 9 ஆக இருந்தது 10 ஆகிறது, மூன்று வெட்டு இரண்டாகிறது. ஆனால் எதிரியின் உயிர் 20-க்குப் பதில் 18 என்றால் 9 சேதத்திலேயே இரண்டு வெட்டில் முடிந்துவிடும்; அந்தப் புள்ளியால் ஒரு பயனும் இல்லை. ஆகவே சேதப் புள்ளியைச் சோதிக்கும்போது சராசரியைப் பார்ப்பதில் அர்த்தமில்லை, எத்தனை வெட்டு என்று உயிரை வகுத்துப் பார்க்க வேண்டும். எதிரிகளின் உயிர் 16 முதல் 24 வரை சிதறி இருக்குமாறு வைத்தால்தான் அது சில இடங்களில் கொல்லும், சில இடங்களில் சும்மா இருக்கும். எல்லாருக்கும் ஒரே உயிரைக் கொடுத்தால் அந்தப் புள்ளி எல்லா இடத்திலும் வேலை செய்யும் அல்லது எங்கும் செய்யாது.

இரண்டு திருகுகளையும் தனித்தனியாகவும் திருகினேன். சேதத்தில் மட்டும் 1 வைத்து வாய்ப்பைத் தொடாமல் விட்டால் வாள் 6.45, கோடரி 6.07, கிட்டத்தட்டச் சமம். வாய்ப்பில் மட்டும் 15 வைத்தால் 5.97-க்கு 4.55. 2002-இன் எண்களான 10, 1 வைத்தால் 6.87-க்கு 4.80. பழைய இரண்டு விளையாட்டுகளில் ஒரே குலுக்கல்தான், காட்டிய சதவீதமே உண்மை. அந்த முறையில் என் வீரர்களுக்கு 20 வைத்தால் வாள் 6, கோடரி 4.05. வெறும் 5 வைத்தால் வாள் 5.1, கோடரி 5.4; முக்கோணம் இருந்தும் கோடரியே முந்துகிறது. அந்த விளையாட்டுகளின் ஆயுத எண்கள் வேறு என்பதால் இது அவற்றைப் பற்றிய தீர்ப்பு அல்ல. என் அட்டவணைக்கு 5 போதாது என்பது மட்டும் உறுதி.

வாளுக்கு இன்னொரு துணை உண்டு, அது முக்கோணத்தில் எழுதப்படாதது. உடற்கட்டைவிட ஆயுதத்தின் எடை அதிகமானால், எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம் குறையும். வேக வித்தியாசம் 4 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமானவர் இரண்டு முறை வெட்டலாம். என் வீரர்களுக்கு உடற்கட்டு 10 என்பதால் 10 எடையுள்ள கோடரியும் இதுவரை சுமையாகவில்லை. உடற்கட்டை 6 ஆக்கிப் பார்த்தேன். வாளின் எடை 5, வேகம் 10 அப்படியே. ஈட்டி 2 இழந்து 8. கோடரி 4 இழந்து 6. வாளுக்கும் கோடரிக்கும் வித்தியாசம் சரியாக 4. வாள் இரண்டு முறை வெட்டுகிறது. வேகம் குறைந்ததால் கோடரிக்காரனின் விலகலும் குறைந்து வாளின் வாய்ப்பு 100-ஐத் தொட்டுவிட்டது. ஒரு சுற்றுக்கு வாள் 14, கோடரி 4.04. அதே உடற்கட்டில் ஈட்டியின் முன் வாள் 3.79-இலிருந்து 4.05 ஆகத்தான் ஏறுகிறது, இரண்டாவது வெட்டு கிடைக்கவில்லை.

கோணலாக இருந்த முக்கோணத்தை நேராக்கும் கை இந்த எடைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த விளையாட்டுகளில் கோடரி ஏந்தும் போர்வீரர்களையும் கொள்ளையரையும் தடித்த உடற்கட்டோடு வரைந்திருப்பது தோற்றத்துக்காக மட்டும் அல்ல. மெலிந்தவன் கையில் கோடரியைக் கொடுத்தால் முக்கோணம் கேட்காமலேயே அவன் செத்துப்போவான். எடையை வேண்டாம் என்று நீக்கிவிட்டு முக்கோணத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் விளையாட்டில் வாளின் பக்கத்துக்குத் தனியாக ஏதாவது ஈடு கொடுத்தாக வேண்டும்.

அடுத்துக் கதையின் பிற்பகுதிக்குத் தாவினேன். நாயகனுக்குத் திறன் 20, வேகம் 20, அதிர்ஷ்டம் 10. எதிரிக்குத் திறன் 10, வேகம் 12, அதிர்ஷ்டம் 0. நாயகன் வாளோடு வந்தால் முக்கோணம் இல்லாமலே வாய்ப்பு 111, அதாவது 100. ஈட்டியின் முன் 15 குறைந்தாலும் 96, உண்மையில் 99.72. தாக்கும் கையில் முக்கோணம் செத்துவிட்டது. 30, 40 உயிர் உள்ளவர்களிடம் 1 சேதமும் பெரும்பாலும் காணாமல் போகும். ஆனால் எதிரி திருப்பி வெட்டும் வாய்ப்பைப் பாருங்கள். நாயகனின் விலகல் 50. எதிரி ஈட்டியோடு இருந்தால் 80-உம் 20-உம் சேர்ந்து 50 கழிந்து, 15 கூடி 65, உண்மையில் 75.85. அதே எதிரி கோடரியோடு இருந்தால் 45-இலிருந்து 15 குறைந்து 30, உண்மையில் 18.3. நான்கில் மூன்று வெட்டு விழுவதற்கும் ஐந்தில் ஒன்றுகூட விழாததற்கும் உள்ள தூரம். தொடக்கத்தில் யாரை அடிக்கலாம் என்று சொல்லும் விதி, முடிவில் யார் முன்னால் நின்று அடி வாங்கலாம் என்று சொல்லும் விதியாக மாறுகிறது. கூட்டமாக வரும் எதிரிகளின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒற்றை வீரனை இடுக்கில் நிறுத்தும் பழக்கம் அனுபவசாலிகளுக்கு இருப்பது இதனால்தான்.

கவசத்தைப் பிளக்கும் ஆயுதங்களையும் சேர்த்தேன், ஏனென்றால் சூத்திரத்தில் முக்கோணம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அங்கேதான் முக்கியம். முக்கோணப் புள்ளி முதலில் ஆயுத வலுவோடு சேரும். அதற்குப் பிறகே சிறப்பு மடங்கு பெருக்கும். பலம் கடைசியில் கூடும். 'தி சேக்ரட் ஸ்டோன்ஸ்' விளையாட்டில் அந்த மடங்கு 3. கவசம் அணிந்த காவல் வீரர்களின் கையில் வழக்கமாக இருப்பது ஈட்டி. கவசம் பிளக்கும் வாளின் வலு 8, குறி 80. ஈட்டியின் முன் வலு 7 ஆகி, மூன்று மடங்கில் 24-க்குப் பதில் 21 வருகிறது. ஒரு புள்ளி மூன்றாகப் பெருகிவிட்டது. குறி 65. சம்மட்டியோ கோடரி வகை. வலு 10, குறி 55, எடை 15. கேட்டால் யாரும் கையில் எடுக்கத் தயங்கும் எண்கள். ஈட்டிக்காரன் முன்னால் அதே சம்மட்டி 11 ஆகி 33 தருகிறது, குறி 70 ஆகிறது. பட்டியலில் 25 பின்தங்கியிருந்த ஆயுதம் களத்தில் வாளைவிட 5 முந்திக் குறி வைக்கிறது. என் நிரலில் முக்கோணத்தைப் பெருக்கலுக்குப் பின்னால் கூட்டினால் இந்தச் சேத வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிடும். ஆகவே அடைப்புக்குறியை அங்கேயே வைத்திருக்கிறேன்.

```python
might = (mt + tri(a, b)) * (3 if effective else 1)
damage = max(0, strength + might - defence)
```

சதவீதத்தையே கைவிட்ட வழியும் உண்டு. 2023-இல் வந்த 'ஃபயர் எம்பிளம் எங்கேஜ்' முக்கோணத்துக்கு வாய்ப்பும் தரவில்லை, சேதமும் தரவில்லை. சாதகமான ஆயுதத்தால் தாக்கி அடி பட்டால் எதிரியின் பிடி தளர்ந்துவிடும். அந்தச் சண்டையிலும் அடுத்த சண்டையிலும் அவனால் திருப்பி அடிக்க முடியாது. கனத்த கவசக்காரர்களுக்கு மட்டும் அது பலிக்காது. கதையின் முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் ஒரே கனத்தோடு நிற்கும் விதி என்பது அதன் பலம். ஒருவர் பிடியைத் தளர்த்திவிட்டால் அடுத்து வருபவர் எந்த ஆயுதத்தோடும் பயமின்றி வெட்டலாம் என்பதால் வரிசையாக ஆள் அனுப்புவதே விளையாட்டாகிவிடுகிறது. நல்ல விதிதான், ஆனால் எனக்குத் தேவை பத்துப் பேருக்கும் குறைவான சிறு படை. அதில் வரிசைக்கு ஆள் கிடையாது.

ஆகவே 15, 1 என்பதையே வைத்துக்கொண்டேன். கூடவே வாள்வீரர்களைத் தவிர மற்றவர்களின் உடற்கட்டை 7-க்கும் 9-க்கும் இடையில் இறக்கினேன். 9 உள்ளவனிடம் கோடரி ஒரு புள்ளி வேகத்தைத்தான் தின்கிறது. 7 உள்ளவனிடம் மூன்று. இயல்பிலேயே ஒரு புள்ளி அதிக வேகமுள்ள வாள்வீரன் அந்த இடத்தில் இரண்டாவது வெட்டைப் பெற்றுவிடுகிறான். எதிரியின் மேல் சுட்டியை வைத்தால் முக்கோணத்தின் அம்புக்குறியோடு வேகமும் தெரியும்படி செய்திருக்கிறேன், ஏனென்றால் அம்புக்குறி மட்டும் இருந்தால் விளையாடுபவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார். அடுத்து வில்லைச் சேர்க்க வேண்டும். அதை முக்கோணத்துக்கு வெளியே விடப்போகிறேன். ஒட்டி நிற்பவனைத் திருப்பி அடிக்க முடியாது என்பதே வில்லாளிக்குப் போதுமான குறை.